கேப்ஷனை வாய்விட்டுப் படிப்பது எப்படி? போலியாக ஒலிக்கும் சொற்களைக் கழிப்பது எப்படி?

பதிவிடும் முன் கேப்ஷனை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் என்றால், பலர் உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதிவிட்டுவிடுவார்கள். முணுமுணுப்பில் எந்தக் கேப்ஷனும் நன்றாகத்தான் இருக்கும். மூச்சு செலவாகாது, நாக்கு முழுதாக அசையாது, குரல் ஏறி இறங்காது. கண் தாவிச் செல்லும் இடங்களில் வாயும் கூடவே தாவிவிடும். முழுக் குரலில், ஒருவர் காதில் விழும்படி படித்தால்தான் எது உங்கள் பேச்சு, எது எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட சொல் என்று பிரித்தறிய முடியும்.

இதைச் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே ஒரு கேப்ஷனை எடுத்துக்கொண்டு முதல் வாசிப்பிலிருந்து கடைசி வடிவம் வரை போவோம். ஒருவர் தன் வீட்டுக்குத் தானே ஒரு மர அலமாரி செய்திருக்கிறார். அவருடைய முதல் முயற்சி. படத்தில் அலமாரி நிறையப் புத்தகங்கள். நடுத்தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த ஓரத்தில் ஒரு பெரிய அகராதி நிற்கிறது. படத்துக்கு அவர் எழுதியது இது:

"இது வெறும் ஒரு அலமாரி அல்ல, இது என்னுடைய பொறுமையின், கடின உழைப்பின் மற்றும் கனவுகளின் ஓர் அழகான பயணம். என் சொந்தக் கைகளால் உருவாக்கப்பட்ட இந்த மர அலமாரி எனக்கு மிகவும் மகிழ்ச்சியையும் பெருமையையும் அளிக்கிறது என்பதை உங்கள் அனைவருடனும் பகிர்ந்துகொள்வதில் மனம் நெகிழ்கிறேன். மூன்றாவது தட்டு சற்றே சாய்வாக அமைந்திருந்தாலும், குறைகளிலும் ஓர் அழகு உண்டு அல்லவா?"

மூன்று வாக்கியங்கள், 43 சொற்கள். இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. கண்ணால் படித்தால் பலரும் ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுதியவர் பொய்யும் சொல்லவில்லை. அவருக்கு மகிழ்ச்சி, பெருமை எல்லாம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனாலும் இந்தக் கேப்ஷன் போலியாக ஒலிக்கிறது. அது எங்கே, எதனால் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வாசிப்பு: எதையும் திருத்தாதீர்கள்

கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, எழுந்து நின்றோ நிமிர்ந்து உட்கார்ந்தோ படியுங்கள். நிமிர்ந்தால் மூச்சு முழுதாக வரும். எந்த வாக்கியம் மூச்சைத் தின்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

யாருக்குப் படிக்கிறீர்கள் என்பது இதில் முக்கியம். செய்தி வாசிக்கும் குரலிலோ மேடைக் குரலிலோ படித்தால் இந்தச் சோதனையே வீண், ஏனென்றால் அந்தக் குரல்கள் எந்த வெற்றுச் சொல்லுக்கும் கம்பீரம் கொடுத்துவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கேப்ஷனுக்கு முன்னால், அவரிடம் உண்மையில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி "இங்கே பார்" என்றோ "இதைப் பாருங்களேன்" என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். "இதைப் பாருங்களேன், இது வெறும் ஒரு அலமாரி அல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இடத்திலேயே உங்களுக்கு லேசாகச் சிரிப்பு வரும். எதிரே இருப்பவர் "பின்னே என்ன, கப்பலா?" என்று கேட்டுவிடுவார் என்ற பயம்தான் அந்தச் சிரிப்பு.

படித்து முடித்ததும் உடனே அழிக்கத் தொடங்காதீர்கள். கேப்ஷனை ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு, பதிவைப் போட்டுக் கேட்டபடி நான்கு விதமான குறிகள் இடுங்கள். மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சாய்கோடு. நாக்கு தடுக்கிய சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். எழுதியிருப்பது ஒன்று, வாய் சொன்னது வேறொன்று என்றால் அதற்குக் கீழே அடிக்கோடு. குரல் உங்கள் குரலாக இல்லாமல் மேடையேறிய இடத்தில் அலைக்கோடு.

மூன்றாவது குறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். எழுத்துத் தமிழில் எழுதியதை வாய் தானாகவே பேச்சுத் தமிழாக மாற்றிக்கொள்ளும். "இருக்கிறது" என்று தாளில் இருப்பதன் நடு அசையை விழுங்கிவிட்டுச் சொல்வோம். "வந்துவிட்டது" என்பது சுருங்கிவிடும். இதெல்லாம் பிழையே இல்லை. சொல் அதேதான், உருவம்தான் மாறியிருக்கிறது. அதற்குக் குறி இட வேண்டாம். வாய் சொல்லையே மாற்றினால்தான் கவனிக்க வேண்டும். "அமைந்திருந்தாலும்" என்று எழுதியிருக்க, "இருந்தாலும்" என்று படித்திருந்தால் அது அடிக்கோட்டுக்கு உரியது. "மற்றும்" என்பதை முழுதாகத் தாண்டிப் போயிருந்தால் அதுவும் அப்படியே. பேசும்போது நாம் யாரும் இரண்டு பொருள்களுக்கு நடுவே "மற்றும்" போடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிடுவோம், இல்லையென்றால் இரண்டுக்கும் "உம்" சேர்ப்போம். வாய்க்குப் பழக்கமில்லாததை வாய் தானாகவே விட்டுவிடுகிறது. அது உங்களுக்குக் கிடைத்த இலவசத் திருத்தம்.

எழுத்துத் தமிழில் கேப்ஷன் எழுதுவது போலித்தனம், பேச்சுத் தமிழில் எழுதினால்தான் உண்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "நானே செய்தேன்" என்பது எழுத்துத் தமிழ்தான். அதில் என்ன போலி இருக்கிறது? அதே நேரம், பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டு, கேட்டால் விளம்பரம்போல் ஒலிக்கும் கேப்ஷன்கள் நிறைய உண்டு.

குறிகளைப் படிப்பது

நம் அலமாரிக் கேப்ஷனில் குறிகள் எங்கே விழுந்தன என்று பார்ப்போம்.

முதல் வாக்கியத்தில் "வெறும்" என்ற சொல்லிலேயே அலைக்கோடு தொடங்கிவிடுகிறது. "இது வெறும் அது அல்ல, இது இது" என்ற அமைப்பு யாரும் சொல்லாத ஒன்றை மறுத்துக்கொண்டு தொடங்குகிறது. மறுப்பதற்குக் குரல் உயர்ந்தாக வேண்டும். உயர்ந்த குரல் இறங்குவதற்குள் பொறுமை, உழைப்பு, கனவு என்று மூன்று பெரிய சொற்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. மூன்றும் "இன்" என்று முடிவதால் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு அரை நிறுத்தம் விழுகிறது. கடைசியில் "பயணம்" வரும்போது மூச்சும் இல்லை, சுவையும் இல்லை. போதாததற்கு, அலமாரி எங்கும் பயணம் போகவில்லை.

இரண்டாவது வாக்கியம்தான் காதுக்குப் பெரிய பாடம். 18 சொற்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், கேட்பவர் வாக்கியத்தின் முடிவுவரை பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கே அவர் "அளிக்கிறது" என்ற சொல் வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். படிப்பவரின் குரலும் அங்கே இயல்பாக இறங்குகிறது. அடுத்த நொடியே "என்பதை" என்று வந்து, இறங்கிய குரலை மறுபடி தூக்கச் சொல்கிறது. பதிவைக் கேட்டால் இந்த இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெளிவாகக் கேட்கும். இறங்கிய குரல் மறுபடி ஏற வேண்டியிருந்தால், அந்த வாக்கியத்தில் ஒரு வாக்கியம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். "என்பதை… பகிர்ந்துகொள்வதில்… நெகிழ்கிறேன்" என்ற வால் முழுவதும் பதிவிடும் செயலைப் பற்றிய அறிவிப்பு. பதிவிட்டாலே பகிர்ந்ததாகிவிட்டது, பகிர்கிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வாக்கியத்தில் "உருவாக்கப்பட்ட" என்பதைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். "க்கப்பட்ட" என்று வல்லினங்கள் அடுக்கி வருவதால் நாக்கு தடுக்குவது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆழமானது. தன் கையால் செய்தவர் "செய்தேன்" என்று சொல்வார். "கைகளால் உருவாக்கப்பட்ட" என்று சொன்னதும் செய்தவர் வாக்கியத்தைவிட்டு வெளியே போய்விடுகிறார். கைகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. கேப்ஷனில் "படு" சேர்ந்த வினை எங்கே வந்தாலும் சந்தேகப்படலாம்.

மூன்றாவது வாக்கியத்தில் ஒரு வினோதம் நடக்கிறது. "மூன்றாவது தட்டு" என்று சொல்லும்போது எந்தக் குறியும் விழவில்லை. மூச்சு சரியாக இருந்தது, குரல் அவருடையதாக இருந்தது, முகத்தில் லேசாக ஒரு புன்னகைகூட வந்திருக்கும். பிறகு "குறைகளிலும் ஓர் அழகு" என்று வந்ததும் குரல் மறுபடி மேடையேறிவிடுகிறது. குறி விழாத அந்தச் சின்ன இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கழிக்க வேண்டியவற்றைக் காட்டுவதைவிட, எதை வைத்துக்கொள்வது என்று காட்டுவதுதான் இந்த வாசிப்பின் பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாளை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

கழிப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தாளை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்தபடி, எதிரே இருப்பவரிடம் அது என்ன என்று வாயால் சொல்லுங்கள். அதையும் பதிவு செய்யுங்கள். நம் நண்பர் சொன்னது ஏறக்குறைய இப்படி இருக்கும்: இது நானே செய்தது, முதல் அலமாரி. மூன்றாவது தட்டு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. புத்தகமெல்லாம் சரிந்துகொண்டே இருந்தது, அதனால் அகராதியை அந்த ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.

எழுதிய கேப்ஷனில் இல்லாத மூன்று செய்திகள் இதில் வந்துவிட்டன: முதல் அலமாரி, இடப்பக்கம், அகராதி. 43 சொற்களில் அகராதிக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. படத்திலோ அது கண்முன்னே நிற்கிறது. வெற்றுச் சொற்கள் காதுக்கு இடைஞ்சல் என்பதோடு போவதில்லை. சொல்ல வேண்டியதன் இடத்தையும் அவை பிடித்துக்கொள்கின்றன. இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறியீடுகள் வரை இடம் உண்டு என்றாலும், படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே படும். மற்றதைப் பார்க்க ஒருமுறை தட்ட வேண்டும். நம் கேப்ஷனின் முதல் வரி முழுவதும் பயணத்துக்கே போய்விட்டது.

கழித்தல்

தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கழித்துக்கொண்டு வராதீர்கள். அப்படிச் செய்தால் போலி வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். சதை மட்டும்தான் குறையும். "இது அலமாரி அல்ல, பயணம்" என்று சுருக்கினால் சொற்கள் குறைந்திருக்கும், போலித்தனம் கூடியிருக்கும். கட்டம் போட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். அதை நடுவில் வைத்து, வாயால் சொன்னதில் தேவையானதை இரு பக்கமும் சேர்த்துக்கொண்டு, பழைய கேப்ஷனிலிருந்து எதையாவது மீட்க வேண்டுமா என்று கடைசியாகப் பாருங்கள்.

மீட்பதற்கு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: படமும் மற்ற வரிகளும் சொல்லாத எதையாவது இது சொல்கிறதா?

"மர அலமாரி" என்பதில் மரம் படத்திலேயே தெரிகிறது. "என் சொந்தக் கைகளால்" என்பதில் "சொந்த" என்பது "என்" என்பதிலேயே அடங்கிவிட்டது. "மகிழ்ச்சியையும் பெருமையையும்" என்பது இரட்டைச் சொல். இப்படி ஒன்றுக்கு இரண்டாக உணர்ச்சிகளை அடுக்குவது, எதைச் சொல்வது என்று முடிவெடுக்காததன் அடையாளம். ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். அதுவும் தேவையில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் அலமாரியைப் படமெடுத்துப் போடுகிறவருக்குப் பெருமை என்பதை யாருக்கும் விளக்க வேண்டாம். "மிகவும்" தன்னோடு வந்த சொல் போனதும் தானே போய்விடும். "அல்லவா?" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை, ஆமோதிப்பைக் கடன் கேட்கும் கேள்வி அது.

இப்போது முதல் திருத்தம் இப்படி வருகிறது:

"என் கைகளால் செய்த முதல் அலமாரி இது. மூன்றாவது தட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. புத்தகங்கள் விழாமல் அந்தத் தடித்த அகராதி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது."

போலித்தனம் ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் படித்துப் பாருங்கள். நடை இன்னும் சரியாக இல்லை.

இரண்டாவது வாசிப்பு: தாளத்துக்காக

இந்த முறை சொற்களின் உண்மையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு வாக்கியமும் எப்படி முடிகிறது என்பதை மட்டும் கேளுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் "இருக்கிறது" என்றே முடிகின்றன. தமிழில் இது எளிதாக நேரும் விபத்து: வினை கடைசியில் வருவதால் வாக்கியங்களின் வால்கள் எல்லாம் ஒரே அச்சில் வந்துவிடும். அந்த "து" குற்றியலுகரம் வேறு. தனிக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரைதான் என்பது இலக்கணம். அதாவது ஒவ்வொரு வாக்கியமும் அதே இடத்தில், அதே அரை ஒலியில் தேய்ந்து முடிகிறது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; மூன்று வந்தால் யாரோ பட்டியல் வாசிப்பதுபோல் இருக்கும்.

இதை உடைக்கத் தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது. வினையை "நிற்பது", "சொன்னது", "வந்தது" என்று தொழிற்பெயராகவோ வினையாலணையும் பெயராகவோ ஆக்கிவிட்டு, பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளலாம். "அகராதி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்பது "தாங்கி நிற்பது அகராதி" என்று திரும்பிவிடுகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் அகராதி நடுவில் நசுங்கிக் கிடக்கிறது. வாக்கியத்தின் எடை முழுவதும் அந்த நீண்ட வினைமேல் விழுகிறது. இரண்டாவதில் யார் தாங்குகிறார்கள் என்று கேட்பவர் ஒரு நொடி காத்திருக்கிறார். பிறகு அகராதி வருகிறது. சிரிப்பு வர வேண்டிய இடமும் அதுதான். இந்த வசதியை ஒரு கேப்ஷனில் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படித் திருப்பினால் விடுகதை போடுகிறவரின் குரல் வந்துவிடும், அதுவும் ஒரு போலிதான்.

"அந்தத் தடித்த" என்ற இடத்தில் தகரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வேகமாகப் படித்தால் நாக்கு புரளும். மிகும் ஒற்றை எடுத்துவிட்டால் நாக்குக்கு எளிதாகிவிடும் என்று சிலர் "அந்த தடித்த" என்று எழுதுவார்கள். அது திருத்தம் ஆகாது, பிழைதான் ஆகும். சந்தி இடறினால் சொல்லை மாற்ற வேண்டும். இங்கே மாற்றக்கூட வேண்டாம்: அகராதி தடிமன் என்பது படத்தில் தெரிகிறது, படமே இல்லாவிட்டாலும் அகராதி தடிமனாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு சொற்களும் போகட்டும்.

"என் கைகளால் செய்த முதல் அலமாரி இது" என்பதில் "இது" எதற்கு? படம் மேலே இருக்கிறது. சுட்டிக்காட்ட வேறு விரல் வேண்டாம். "என் கைகளால்" என்பதற்கு "நானே" போதும்.

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு ஆசையும் வந்தது. "சாய்ந்திருக்கிறது" நீளமாக இருக்கிறதே, "சாய்கிறது" என்று போட்டால் இன்னும் துடியாக இருக்குமே என்று. ஒலிக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "சாய்கிறது" என்றால் இப்போது சாய்ந்துகொண்டே இருக்கிறது, அடுத்த நிமிடம் விழப் போகிறது என்று பொருள் வந்துவிடும். படத்தில் தட்டு சாய்ந்து நின்றுவிட்டது. தாளத்துக்காக உண்மையைத் தள்ளிவைத்தால், கதவு வழியாக அனுப்பிய போலியை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதாகிவிடும். நீளமான வடிவமே இருக்கட்டும்.

"நானே செய்த முதல் அலமாரி. மூன்றாவது தட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. புத்தகங்கள் விழாமல் தாங்கி நிற்பது அகராதி."

13 சொற்கள். முதல் வாக்கியம் பெயரில் முடிகிறது, இரண்டாவது வினையில், மூன்றாவது மறுபடி பெயரில். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் அடங்குகிறது. "இதைப் பாருங்களேன்" என்ற முன்சொல்லைச் சேர்த்தாலும் ஒட்டுகிறது. அழகு, பெருமை, பொறுமை எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த மனிதரைப் பிடித்துவிடுகிறது.

வழுக்கிக்கொண்டு போகும் சொற்கள்

வாய்விட்டுப் படிக்கும் முறைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தேய்ந்த சொற்றொடர்கள் இதில் சிக்குவதில்லை. "சொல்ல வார்த்தைகள் இல்லை", "மறக்க முடியாத தருணங்கள்", "மனதுக்கு நெருக்கமான இடம்" ஆகியவை நாக்கில் தடுக்காது, மூச்சையும் வாங்காது. பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்டவை அவை. குரலும் மாறாது, ஏனென்றால் நாமும் அப்படிப் பேசிப் பழகிவிட்டோம். எனவே நன்றாக ஒலிக்கிறது என்பதை வைத்து மட்டும் தேர்ச்சி கொடுத்துவிடக் கூடாது.

இவற்றைப் பிடிக்க வேறொரு சோதனை வேண்டும். உங்கள் கைபேசியிலுள்ள தொடர்பே இல்லாத இன்னொரு படத்தைத் திறந்து, அதைப் பார்த்தபடி இதே கேப்ஷனை வாய்விட்டுப் படியுங்கள். கடற்கரைப் படத்துக்கு எழுதியது பிறந்தநாள் படத்துக்கும் பொருந்தினால், அது இரண்டுக்கும் உரியது அல்ல. "மறக்க முடியாத தருணங்கள்" எல்லாப் படத்துக்கும் பொருந்தும். "புத்தகங்கள் விழாமல் தாங்கி நிற்பது அகராதி" என்பது ஒரே ஒரு படத்துக்குத்தான் பொருந்தும். நீங்கள் எழுதியதில் எந்த வரி இடம் மாறினால் அபத்தமாகிறதோ அந்த வரிதான் உங்கள் வரி.

கழிக்கக் கூடாதவை

கத்தரி கையில் வந்துவிட்டால் நிறுத்துவது கடினம். சின்னச் சொற்களெல்லாம் வெட்டத் தகுந்தவை என்று தோன்றும். "தான்", "கூட", "ஏ", "ஆவது", "போல" போன்றவற்றில் கை வைக்கும் முன் யோசியுங்கள். பேசுகிறவரின் குரல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இவற்றில்தான். "நானே செய்த" என்பதிலுள்ள "ஏ" போனால் "நான் செய்த முதல் அலமாரி" என்று ஆகும். செய்தி அதேதான், ஆனால் அந்த ஏகாரத்தில் இருந்த சின்ன வியப்பு காணாமல் போய்விடும். "இன்றுதான் முடிந்தது" என்பதில் எத்தனை நாள் இழுத்தது என்ற களைப்பு "தான்" என்பதில் இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். அழுத்தம் விழும் சின்னச் சொல் வேலை செய்கிறது. விழாதது, "ஒரு", "இந்த", "அந்த" போல, பெரும்பாலும் சும்மா நிற்கிறது.

"கொஞ்சம்" என்ற சொல்லும் அப்படித்தான். "சற்றே சாய்வாக" என்பதில் "சற்றே" அலங்காரமாக இருந்ததால் கழித்தோம். உண்மையிலேயே கொஞ்சம்தான் என்றால், அது செய்தி. அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறிக் கழித்துவிட்டீர்கள் என்பதற்கும் காது சாட்சி சொல்லும். "முதல் அலமாரி. சாய்ந்த தட்டு. ஒரு அகராதி." என்று படித்துப் பாருங்கள். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் குரல் கீழே விழுகிறது. விளம்பரப் படத்தின் பின்னணிக் குரல் வந்துவிட்டது. துண்டு துண்டாக நிறுத்தி எடை கூட்டுவது இப்போது பரவலாகிவிட்ட போலி. வினையை எல்லா இடத்திலும் வெட்டினால் அங்கேதான் போய்ச் சேர்வீர்கள்.

வேறொருவர் வாயில்

முடிந்தால் மூன்றாவது வாசிப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் முன்கூட்டிப் பார்த்திருக்கக் கூடாது. கேப்ஷனை நீட்டி, உடனே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதால் உங்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தவறான இடத்தில் நிறுத்தினால் அங்கே காற்புள்ளி தேவை, அல்லது வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். அவர் ஒரு சொல்லின் அருகே வேகத்தைக் குறைத்தால் அந்தச் சொல்லை இன்னொருமுறை பாருங்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதில் என்ன இருந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்டவை பெரும்பாலும் விட்டுவிடத் தகுந்தவை. அவர் உங்கள் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்ன இடத்தை இனித் தொடாதீர்கள்.

இந்த முறை ஒத்துவராத இடங்கள்

எல்லாக் கேப்ஷனும் பேச்சுபோல் ஒலிக்க வேண்டியதில்லை. இரங்கல் செய்தியில் "ஆழ்ந்த இரங்கல்" என்பது தேய்ந்த தொடர்தான். ஆனால் அங்கே யாரும் புதுமையை எதிர்பார்ப்பதில்லை. சடங்குச் சொல்லுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. இறந்தவரைப் பற்றிக் கூடுதலாக எழுதும் வரிகளுக்கு மட்டும் காதைக் கொடுங்கள்.

விற்பனைக் கேப்ஷனில் சிக்கல் வேறு மாதிரி. "எங்கள் புதிய துணிப்பையை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்பது யார் வாயிலும் போலியாகத்தான் ஒலிக்கும். அங்கேயும் படத்தை மட்டும் காட்டி வாயால் சொல்லச் சொன்னால், பையைத் தைத்தவர் "உள்ளே இரண்டு தனிப்பைகள் வைத்திருக்கிறேன், ஒன்றில் குடை நுழையும்" என்பார். அதையே எழுதலாம். விலை, அளவு, வாங்கும் வழி ஆகியவற்றைப் பேச்சாக்க முயலாமல் கீழே தனி வரிகளில் கொடுத்துவிடுங்கள். அவை கண்ணுக்கு உரியவை, அவற்றை வாய்விட்டுப் படிக்கவே வேண்டாம். ஹேஷ்டேக்குகளும் அப்படியே. வாக்கியத்தின் நடுவே ஹேஷ்டேக்கைச் செருகியிருந்தால் மட்டும், அதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். வாய் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிற்கும். அதை வாக்கியத்திலிருந்து எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே போட்டுவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டு மூன்று முறை சத்தமாகப் படித்தபின் எந்தச் சொல்லும் காதில் புதிதாக விழாது. சரியான வரியும் அந்நியமாக ஒலிக்கத் தொடங்கும். அந்த நிலையில் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் முன்னால் எடுத்ததைத் திரும்ப வைப்பதாகவே இருக்கும். நீங்கள் "சாய்ந்திருக்கிறது" என்பதை "சரிந்திருக்கிறது" என்று மாற்றி, அதை மறுபடி "சாய்ந்திருக்கிறது" என்று ஆக்கியிருந்தால், கேப்ஷன் முடிந்துவிட்டது. படத்தோடு சேர்த்துப் பதிவிட்டுவிடலாம்.